அழைப்பு: செக்அவுட்டில் லாகின் கட்டாயம் வேண்டுமா? (வியாழன், காலை 10:30)

அனைவருக்கும் வணக்கம்.

செக்அவுட் மாற்றம் பற்றிய 18 ஸ்லைடு டெக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை 10:30 முதல் 11:30 வரை, இரண்டாம் மாடி மீட்டிங் ரூமில் கூடுகிறோம். வெளியிலிருந்து சேர்பவர்களுக்கான லிங்க் காலண்டரில் இருக்கிறது.

எதற்காக

வாங்க வருபவரைக் கணக்கு தொடங்காமலே பணம் கட்ட விடலாமா, இப்போதுபோல ஓடிபி போட்ட பிறகுதான் விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்லைடு 12-இல் மூன்று வழிகள் உள்ளன: ஓடிபி தாமதத்தை மட்டும் சரிசெய்வது, எல்லாருக்கும் லாகினை எடுத்துவிடுவது, பாதிப் பேருக்கு மட்டும் எடுத்துச் சோதிப்பது. கூட்டம் முடிவதற்குள் இவற்றில் ஒன்று தேர்வாகிவிட வேண்டும். பட்டன் நிறம், வாசகம் (ஸ்லைடு 16, 17) அன்றைக்கு வேண்டாம். அதைத் தொட்டால் மணி போவதே தெரியாது.

என்ன பேசப்போகிறோம்

முதல் அரை மணி நேரம் ஸ்லைடு 7, 9-க்கு. கூடையில் பொருள் போட்டவர்கள் எந்தப் படியில் விலகுகிறார்கள் என்பது 7. அதற்கு லாகின் பக்கமே காரணம் என்கிறது 9. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கணக்கு இல்லாதவர்களில் பெரும்பாலோர் முதல்முறை வருபவர்கள். டெலிவரி கட்டணம் எவ்வளவு என்று பார்க்கவே கூடையை நிரப்புகிறவர்களும் அதில் உண்டு. லாகின் கேட்காவிட்டாலும் அவர்களில் ஒரு பகுதியினர் போயிருப்பார்கள். போதாததற்கு, ஸ்லைடு 7 வரைபடத்தின் இடப்பக்க அளவு 0-க்குப் பதில் 60-இல் தொடங்குவதால் சரிவு மிரட்டலாகத் தெரிகிறது. அனலிட்டிக்ஸ் குழு இங்கிருந்து தொடங்கட்டும்.

அடுத்த 20 நிமிடம் மூன்று வழிகளையும் ஒப்பிட்டு முடிவெடுக்க. கடைசி 10 நிமிடத்தில் யார் எதை எப்போது முடிப்பது என்று குறித்துக்கொள்வோம் (ஸ்லைடு 15).

வருவதற்கு முன்

டெக்கைப் படித்துவிட்டு வாருங்கள். ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டிக் காட்டப் போவதில்லை. நேரமில்லை என்றால் 7, 9, 12 மட்டுமாவது.

அனலிட்டிக்ஸ்: ஸ்லைடு 7-ஐப் புதியவர், பழையவர் என்றும், மொபைல், வெப் என்றும் பிரித்து, அளவை 0-இலிருந்து போட்டு மறுபடி அனுப்புங்கள்.

சப்போர்ட்: கணக்கே இல்லாத ஒருவர் “என் ஆர்டர் எங்கே?” என்று கூப்பிட்டால் அவர்தான் வாங்கினார் என்று எப்படி உறுதிசெய்வீர்கள், ரிட்டர்னை எப்படி எடுப்பீர்கள்? டெக்கில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பேமென்ட்: லாகின் இல்லாத ஆர்டர்களில் மோசடியைத் தடுக்க என்ன கூடுதல் சோதனை வேண்டும், அதற்கு எத்தனை நாள் வேலை என்று தோராயமாகச் சொன்னால் போதும்.

கேள்விகளைப் புதன் மாலை 5 மணிக்குள் அந்தந்த ஸ்லைடிலேயே கமென்ட்டாகப் போடுங்கள். வர முடியாதவர்கள், முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவரை அனுப்பிவிட்டு அவர் யார் என்று எனக்குத் தெரிவியுங்கள்.

நன்றி,
ஒருங்கிணைப்பாளர், செக்அவுட் குழு