பொருள்: பின்னேரங்களில் மட்டும் வீடியோ நிற்பது (விசுவமடு 4ஜி வீட்டு இணைப்பு)

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். விசுவமடுவில் உள்ள எங்கள் வீட்டு இணைப்பு மனைவியின் பெயரில் இருக்கிறது. மாதக் காசு கட்டுவது நான். அதனால் கணக்கில் பதிந்த மின்னஞ்சலில் இருந்தே இதை எழுதுகிறேன்.

நான் கட்டாரில் இரவு வேலை செய்கிறேன். பகலில் படுத்து, நாலரைக்கு எழும்பி வீட்டுக்கு எடுப்பேன். அப்போது ஊரில் இரவு ஏழு மணி. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், யூடியூப்பில் கணிதப் பாடம் பார்க்கிற நேரம் அது. வாத்தியார் கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதுவார், சோக்கட்டியோடு கை அப்படியே நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். 144p-க்கு இறக்கினாலும் அதே கதைதான். இதையெல்லாம் மகள் வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டுகிறாள். அதே ரவுட்டரில் அந்த அழைப்பு தடங்கல் இல்லாமல் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் இலக்கத்துக்கு நான்கு தரம் எடுத்தோம். நான்கு தரமும் ரவுட்டரை நிற்பாட்டிப் போடச் சொன்னார்கள். மனைவி அதை யன்னலில் வைத்தா, அலுமாரிக்கு மேலே ஏற்றினா. ஒரு மாற்றமும் இல்லை. ரவுட்டர் பழுதென்றால் காலையிலும் நிற்க வேண்டாமா? நான் வேலை முடிந்து வந்து எடுக்கும்போது ஊரில் காலை ஏழரை. அப்போது அதே பாடம் 720p-இல் ஓடுகிறது.

போன கிழமை மகளைக் கொண்டு அளந்து பார்த்தேன். இரவு 8 மணிக்கு ஸ்பீட் டெஸ்டில் கொழும்பு சேர்வருக்கு 11 எம்பிபிஎஸ். அடுத்த நிமிடமே fast.com-இல் 0.8. அந்தத் தளம் நெட்பிளிக்ஸின் சேர்வர்களில் இருந்து அளப்பது. விபிஎன் போட்டதும் வீடியோ நிற்காமல் ஓடியது. மூன்று இரவும் இதே மாதிரித்தான். டவரில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றால் எல்லாமே சேர்ந்துதானே மெதுவாக வேண்டும்? எனக்குப் படுவது, ஒன்றில் வீடியோ சேர்வர்களுக்குப் போகிற உங்கள் வழி பின்னேரத்தில் நிரம்புகிறது, அல்லது அந்த நேரத்தில் வீடியோவை மட்டும் நீங்கள் மட்டுப்படுத்துகிறீர்கள். விபிஎன்னோடே காலம் தள்ளலாம்தான், ஆனால் டேட்டா கொஞ்சம் கூடப் போகும். அதுவும் என் காசுதான்.

இரண்டில் எது என்று எழுத்தில் சொல்லுங்கள். மட்டுப்படுத்துவதென்றால், இணைப்பு எடுத்தபோது தந்த தாளில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் காட்டுங்கள். வழி நிரம்புகிறதென்றால் எப்போது சரிவரும் என்று திகதி வேண்டும், அதுவரை மாதக் கட்டணத்தில் கழிவும் வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அளந்த படங்களோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்புவேன். அந்தப் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சோதிக்க ஆள் அனுப்புவதானால் தயவுசெய்து இரவு 7 மணிக்குப் பிறகு அனுப்புங்கள். போன முறை வந்த தம்பி காலை 10 மணிக்கு வந்து, எல்லாம் நல்லா வேலை செய்யுது என்று எழுதி, மனைவியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிக்கு,
விசுவமடு இணைப்புக்குக் காசு கட்டுபவர்
தோகா, கட்டார்