திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பதிலாக ஐந்து வரிக் குறிப்பு

மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

திங்கள் காலை நிலவரக் கூட்டத்தில் 12 பேர் ஒன்றரை மணி நேரம் அமர்கிறோம். கூட்டிப் பார்த்தால் 18 மணி நேர உழைப்பு. சாயப் பிரிவு பேசும்போது பேக்கிங் பிரிவுக்கு அங்கே வேலையில்லை. தையல் லைன்களோ மேற்பார்வையாளர் இல்லாமல் ஓடுகின்றன. போன வாரம் ஓவர்லாக் மெஷின் பழுதாகி நின்ற லைனைக் கூட்டம் முடிந்துதான் கவனித்தேன்.

இனி ஒவ்வொரு பிரிவும் திங்கள் 10 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து வரி எழுதலாம்: எந்த ஆர்டர் எவ்வளவு முடிந்தது, எது தாமதம், யார் உதவி தேவை. ஷிப்மென்ட் சிக்கலென்றால் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் 15 நிமிடம் பேசிக்கொள்வோம். (வடை போய்விடுமே என்று சிலர் வருந்தக்கூடும்.)

ஒரு மாதம் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தையல் பிரிவு மேற்பார்வையாளர்