வாய்மொழித் தேர்வுக்குப் பிந்தைய திருத்தங்கள்: பக்க எண்களும் நிலையும்

ஆய்வேடு: பெரியாற்று நீரும் மதுரை மாவட்ட வேளாண்மையும், 1886–1947 (வரலாற்றுத் துறை, முனைவர் பட்டம்)
வாய்மொழித் தேர்வு: 12 பிப்ரவரி 2025
இப்பட்டியலின் நிலை: 10 மார்ச் 2025 மாலை வரை
திருத்திய படியை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள்: 30 ஏப்ரல் 2025
பார்வைக்கு: நெறியாளர், அவர் வழியாகப் புறத்தேர்வாளர்

தேர்வாளர் அறிக்கை ஒன்பது பத்திகளாகத் தொடர்ச்சியான உரைநடையில் அமைந்துள்ளது. ஒரே பத்தியில் பாராட்டும் கருத்தும் கட்டாயத் திருத்தமும் கலந்திருப்பதால், செய்து முடித்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடிய வேலைகளை மட்டும் தனித்தனியே பிரித்து, ஆய்வேட்டின் பக்க வரிசையில் கீழே அடுக்கியிருக்கிறேன். எந்த வேலை அறிக்கையின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்பது அடைப்புக்குறிக்குள் உள்ளது. ‘பழைய ப.’ என்பது தேர்வாளர்கள் படித்த படியின் பக்கம், ‘புதிய ப.’ என்பது திருத்திய படியின் பக்கம். இரண்டாம் இயலில் ஒரு பக்கமும் நான்காம் இயலில் நான்கு பக்கங்களும் கூடியிருப்பதால், 118ஆம் பக்கத்துக்குப் பின் வருவன அனைத்தும் ஐந்து பக்கம் தள்ளிப் போயுள்ளன.

1. முந்தைய திட்டங்களின் வரிசை (பத்தி 2)
பழைய ப. 38; புதிய ப. 38. நிலை: முடிந்தது.
இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இல் முன்வைத்த யோசனையும், அத்திட்டம் நடவாதது என்று 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் தள்ளிய செய்தியும் ஒரே வாக்கியத்தில் இருந்ததால், இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை போலத் தோன்றுவதாகத் தேர்வாளர் குறிப்பிட்டிருந்தார். அவை இப்போது இரண்டு வாக்கியங்களாகப் பிரிக்கப்பட்டு, 1867இல் மேஜர் ரைவ்ஸ் தந்த திட்டம் மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இதே கால்டுவெல், சொல்லடைவில் (பழைய ப. 296, புதிய ப. 301) பேராயர் இராபர்ட் கால்டுவெல்லோடு ஒரே பதிவில் கலந்திருந்தார். 1808இல் பேராயர் பிறக்கவே இல்லை. அறிக்கையில் இது சொல்லப்படவில்லை என்றாலும் முதல் திருத்தத்தோடு சேர்த்தே சரிசெய்யப்பட்டது.

2. குத்தகையின் நாளும் தொடக்கமும் (பத்தி 2)
பழைய ப. 45, புதிய ப. 45. நிலை: முடிந்தது.
ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1886 அக்டோபர் 29. ஆனால் 999 ஆண்டுக் காலம் 1886 ஜனவரி 1 முதல் கணக்கிடப்படுகிறது. பழைய படி அக்டோபரிலிருந்தே காலம் தொடங்குவதாகக் கூறியது. அதே வாக்கியத்தில் கையெழுத்திட்டவர்களாகத் திருவிதாங்கூர் திவான் ராமய்யங்காரும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹானிங்டனும் பெயரோடு சேர்க்கப்பட்டுள்ளனர்.

3. மன்னர் சொன்னதாக வழங்கும் கூற்று (பத்தி 3)
பழைய ப. 46, புதிய ப. 46–47. நிலை: முடிந்தது, நெறியாளர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.
‘என் இதய இரத்தத்தால் கையெழுத்திடுகிறேன்’ என்ற பொருளில் விசாகம் திருநாள் கூறியதாக வழங்கும் வாசகத்தை, ஒப்பந்தம் கையெழுத்தான தருணத்தில் அவர் சொன்னதாகவே பழைய படி எடுத்தாண்டிருந்தது. விசாகம் திருநாள் 1885இலேயே காலமாகிவிட்டார். 1886 அக்டோபரில் அரியணையில் இருந்தவர் மூலம் திருநாள். ‘நீக்குக அல்லது விளக்குக’ என்று தேர்வாளர் இரு வழிகளைத் தந்திருந்தார். இக்கூற்று இன்றுவரை இரு மாநில விவாதங்களிலும் எடுத்தாளப்படுவதால், நீக்குவதைவிட அதன் காலமுரணைச் சுட்டி விளக்குவதே பயன் தரும் என்று கருதி இரண்டாம் வழியைத் தேர்ந்தேன். கூடிய ஒரு பக்கம் இதனால் வந்ததே.

4. பரப்பளவுக் கணக்கு (பத்தி 4)
பழைய ப. 52, புதிய ப. 53. நிலை: முடிந்தது.
8,000 ஏக்கர் என்பது 3,237 ஹெக்டேர். பழைய படியில் 32,370 என்று அச்சாகியிருந்தது. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாடகை 40,000 ரூபாய் என்ற கணக்கு சரியாகவே இருந்ததால் அதில் கை வைக்கவில்லை.

5. அணையின் அளவும் கட்டுமானப் பொருளும் (பத்தி 4)
பழைய ப. 63, புதிய ப. 64. நிலை: முடிந்தது.
152 அடி என்பது முழு நீர்மட்டம், 155 அடி என்பது அணையின் உயரம் என்ற வேறுபாடு இப்போது தெளிவாக உள்ளது. ‘சிமென்ட்’ என்று இருந்த இடத்தில் ‘சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை’ என்று மாற்றப்பட்டது.

6. பென்னிகுயிக் சொத்தை விற்ற செய்தி (பத்தி 5)
பழைய ப. 71, புதிய ப. 72, 206. நிலை: எழுத்து முடிந்தது, ஒப்புதல் பாக்கி.
அணையை முடிக்கத் தம் சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்தார் என்ற செய்தி, ஆவணச் சான்று எதுவும் காட்டாமல் நடந்த நிகழ்ச்சியாகவே எழுதப்பட்டிருப்பதாகத் தேர்வாளர் கூறி, ‘சான்று தருக’ என்று கேட்டிருந்தார். நான் பார்த்த பொதுப்பணித் துறை நடவடிக்கைக் குறிப்புகளில் இதற்குச் சான்று இல்லை. எனவே கட்டுமான வரலாற்றைச் சொல்லும் 72ஆம் பக்கத்திலிருந்து அவ்வாக்கியம் நீக்கப்பட்டுள்ளது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் வழங்கும் வாய்மொழி மரபாக, விவசாயிகள் அவர் பிறந்த நாளான ஜனவரி 15ஐப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடும் வழக்கத்தை விவரிக்கும் ஆறாம் இயலுக்கு (பழைய ப. 201, புதிய ப. 206) அது மாற்றப்பட்டது. ‘சான்று தருக’ என்ற குறிப்புக்கு இடமாற்றம் போதுமான பதிலா என்பதைப் புறத்தேர்வாளரே சொல்ல வேண்டும் என்பதால், இதை முடிந்ததாகக் குறிக்கவில்லை.

7. மாவட்டப் பெயர் (பத்தி 5)
பழைய ப. 88 மற்றும் பல இடங்கள், புதிய ப. 89 முதல். நிலை: நடைபெறுகிறது, முதல் நான்கு இயல்கள் முடிந்தன.
தேனி மாவட்டம் 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. எனவே 1895ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது ‘மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் வட்டம்’ என்றே எழுத வேண்டும். தேடி மாற்றும் கட்டளையால் மொத்தமாக மாற்றவில்லை. கள ஆய்வை விவரிக்கும் ஆறாம் இயலில் ‘தேனி மாவட்டம்’ என்பதே சரியான பெயராதலால், ஒவ்வோர் இடத்தையும் படித்தே மாற்ற வேண்டியுள்ளது.

8. அட்டவணை 4.3 (பத்தி 6, மிக முக்கியமானது)
பழைய ப. 112–118, புதிய ப. 113–123.
‘அட்டவணையின் ஆண்டுகளும் எல்லைகளும் ஒப்பிடத்தக்கவை அல்ல, மறுபரிசீலனை செய்க’ என்ற ஒற்றை வாக்கியம் இரண்டு தனி வேலைகளைக் கோருகிறது. அவற்றின் விளைவாக மூன்றாவது வேலையும் எழுகிறது.

8அ. நிலை: முடிந்தது. பயிர்ப் பரப்புக் கணக்குகள் பசலி ஆண்டிலும், மழையளவு நாட்காட்டி ஆண்டிலும் இருந்தன. ‘1895’ என்று தலைப்பிட்ட நிரல் உண்மையில் பசலி 1305, அதாவது 1895 ஜூலை 1 முதல் 1896 ஜூன் 30 வரை. எல்லா நிரல்களும் இப்போது ‘1895–96’ என்ற வடிவில் உள்ளன. மழையளவும் மாதக் கணக்கிலிருந்து பசலி ஆண்டுக்கு மீண்டும் கூட்டப்பட்டுள்ளது. வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தது 1895 அக்டோபரில்தான் என்பதால், அந்தப் பசலியின் முதல் மூன்று மாதங்களில் புதுத் தண்ணீர் இல்லை. ஆகவே ‘முதலாண்டிலேயே பரப்பு கூடியது’ என்ற வாதம் (பழைய ப. 114) நீக்கப்பட்டு, ஒப்பீடு 1896–97 முதல் தொடங்குகிறது.

8ஆ. நிலை: முடிந்தது, எண்களை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது மதுரை மாவட்டம் பெரும் பரப்பை இழந்தது. அவ்வாண்டுக்குப் பின் அட்டவணையில் தெரியும் வீழ்ச்சி எல்லை மாற்றத்தின் விளைவு. வேளாண்மை சுருங்கியதற்கு அடையாளமன்று. மாவட்ட மொத்தத்துக்குப் பதிலாக, மதுரை, மேலூர் வட்டங்களின் கணக்கு தனித்தனியே தரப்பட்டுள்ளது. நான்கு பக்கங்கள் கூடியதற்கு இதுவே காரணம்.

8இ. நிலை: நடைபெறுகிறது. அறிக்கை கேட்காத, ஆனால் 8ஆவால் தவிர்க்க முடியாத வேலை இது. பழைய எண்களை நம்பி எழுதிய வாக்கியங்கள் பழைய ப. 131, 139, 268 ஆகியவற்றில் உள்ளன. முதல் இரண்டும் மாற்றப்பட்டுவிட்டன (புதிய ப. 136, 144). 268ஆம் பக்கத்தில் உள்ளது முடிவுரையின் மையக் கருத்துகளில் ஒன்று. அதை நெறியாளரோடு பேசிய பிறகே எழுதுவேன். படம் 4.1உம் புதிய எண்களைக் கொண்டு மீண்டும் வரையப்பட வேண்டும்.

9. ஆவண அடிக்குறிப்புகள் (பத்தி 7)
பழைய ப. 150–176, புதிய ப. 155–181. நிலை: பாதி முடிந்தது.
அரசாணை எண்ணும் நாளும் இல்லாத அடிக்குறிப்புகள் நிரப்பப்பட்டு வருகின்றன. என்னிடம் உள்ள ஒளிப்படங்களில் முதல் பக்கம் இல்லாத கோப்புகளுக்காக எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். கடைசி நாளைத் தள்ளிவைக்கக் கூடியது இந்த ஒன்றுதான்.

10. 1947க்குப் பிந்தைய வரலாறு (பத்தி 8)
பழைய ப. 271, புதிய ப. 276. நிலை: பகுதியளவில் ஏற்கப்பட்டது, நெறியாளரின் எழுத்து ஒப்புதல் தேவை.
1970 ஒப்பந்தத் திருத்தம், நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்த 1979 முடிவு, உச்ச நீதிமன்றத்தின் 2006, 2014 தீர்ப்புகள் ஆகியவற்றுக்குத் தனி இயல் ‘சேர்க்கலாம்’ என்று அறிக்கை கூறுகிறது. ‘வேண்டும்’ என்ற சொல் ஆளப்படாததாலும், ஆய்வேட்டின் தலைப்பே 1947இல் நிற்பதாலும், தனி இயல் எழுதவில்லை. அவற்றை வரிசைப்படுத்தும் ஒரு பத்தி மட்டும் முடிவுரையின் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளது.

11. சிறு பிழைகள் (அறிக்கையின் இணைப்புத் தாள்)
நிலை: ஒன்று தவிர அனைத்தும் முடிந்தன.
ஒற்றுப் பிழைகள், ‘ஏக்கர்/ஏக்கரா’ வேறுபாடு, துணைநூற்பட்டியலில் (புதிய ப. 286–295) அகரவரிசை பிறழ்ந்த பதிவுகள் ஆகியவை சரிசெய்யப்பட்டன. இணைப்புத் தாள் சுட்டும் ‘ப. 97, வரி 12’இல் பிழை எதையும் காண முடியவில்லை. 79ஆம் பக்கத்தின் 12ஆம் வரியில் ஓர் ஒற்று மிகையாக இருந்தது. அதுவே குறிக்கப்பட்டது என்று கொண்டு திருத்தியிருந்தாலும், தேர்வாளரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

பத்தி 1, பத்தி 9 ஆகியவற்றில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. பத்தி 9, வாய்க்கால் கடைமடைப் பூசல்களைத் தனிக் கட்டுரையாக வெளியிடலாம் என்று கூறும் யோசனை. அது இந்தப் படியைச் சார்ந்ததன்று.

நெறியாளரிடம் இந்த வாரம் வேண்டுவன: திருத்தம் 3ஐப் படித்துப் பார்த்தல், 8ஆவின் எண்களைச் சரிபார்க்க ஒருவரை அமர்த்துதல், 10க்கு ஒரு வரி எழுத்து ஒப்புதல். திருத்தம் 6, இணைப்புத் தாளின் 97ஆம் பக்கக் குறிப்பு ஆகிய இரண்டையும் ஒரே கடிதத்தில் புறத்தேர்வாளருக்கு அனுப்ப உத்தேசம். கடித வரைவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.