ஆய்வு முறைகள்: ஆனேக்கல் தாலுகா தக்காளியில் முன்பருவ இலைக்கருகல்

2022 காரிப் பருவத்தில், பெங்களூரு நகர மாவட்டத்து ஆனேக்கல் தாலுகாவில், ஜூலை இரண்டாம் பாதியில் நடவு செய்த தக்காளி வயல்களில் இந்தக் கணக்கெடுப்பை நடத்தினோம். கசபா, அத்திப்பள்ளி, ஜிகணி, சர்ஜாபுரா எனத் தாலுகாவின் உட்பிரிவுகளான நான்கு ஹோப்ளிகள், ஒவ்வொன்றிலும் மூன்று கிராமங்கள், கிராமத்துக்கு இரண்டு வயல்கள், ஆக 24 வயல்கள். சாலையோர வயல்களை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது என்பதால் தக்காளி போட்டவர்கள் பட்டியலை முதலில் எழுதி, சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். பாசன முறையையும் மருந்து அடித்த தேதிகளையும் விவசாயிகளிடம் தமிழிலும் கன்னடத்திலும் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

ஓரத்து இரண்டு வரிசைகளை விட்டுவிட்டு, W வடிவில் நடந்து ஐந்து இடங்களில் இடத்துக்கு அடுத்தடுத்த 10 செடிகள், வயலுக்கு 50. நடவுக்குப் பின் 30, 45, 60ஆம் நாட்களில் அதே செடிகளையே பார்த்தோம். வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி ஒன்றாவது இருந்தால் அது நோயுற்ற செடி. நோயுற்ற செடிகளின் சதவீதமே நோய்ப் பரவல். நடுவில் சாம்பல் நிறமும் அதில் கறுப்புத் துளிகளும் கொண்ட சிறு புள்ளிகள் செப்டோரியா என்ற வேறு இலைப்புள்ளி நோயாக இருக்கலாம், அவற்றைச் சேர்க்கவில்லை. வயலுக்கு ஐந்து இலைகளை ஈர அறையில் வைத்து, நுனி அலகுபோல் நீண்ட, குறுக்கும் நெடுக்கும் தடுப்புள்ள, இந்நோய்ப் பூஞ்சையான ஆல்டர்னேரியாவின் வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்தோம்.

தீவிரத்துக்கு இடத்துக்கு இரண்டு செடிகள், செடிக்கு அடி, நடு, மேல் என மூன்று கூட்டிலைகள், வயலுக்கு 30 இலைகள். அளவுகோல்: புள்ளியே இல்லாவிட்டால் 0, பரப்பில் 10% வரை 1, 11–25% என்றால் 2, 26–50% என்றால் 3, 51–75% என்றால் 4, அதற்கு மேல் 5. இந்தத் தரங்களிலிருந்து நோய்த் தீவிரக் குறியீடான PDI:

```
PDI = (தரங்களின் கூட்டுத்தொகை × 100) / (பார்த்த இலைகள் × 5)
```

30 இலைகளில் தரங்கள் கூடி 35 வந்தால் 3500-ஐ 150-ஆல் வகுத்து 23.3.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது உதிர்ந்த இலைதான். இந்த நோய் அடியிலைகளில்தான் தொடங்குகிறது, முற்றியதும் அவை உதிர்ந்துவிடும், அப்புறம் மிச்சமிருக்கும் பச்சை இலைகளை மட்டும் பார்த்தால் நோய் குறைந்ததுபோலத் தெரியும், அது பொய்க் கணக்கு. அதனால் 30ஆம் நாளிலேயே அடியிலிருந்து மூன்றாவது கூட்டிலைக்கு நூல் கட்டினோம். முந்தைய வருகையில் புள்ளி பதிவாகி, பிறகு தானாக உதிர்ந்திருந்தால் தரம் 5. முன்பு புள்ளியே இல்லாமல் உதிர்ந்தாலோ, விவசாயி கிள்ளிப் போட்டிருந்தாலோ அதை விடுபட்ட தரவாக வைத்து, வகுக்கும் எண்ணிலிருந்தும் நீக்கினோம். நடு, மேல் இலைகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தோம்.

மதிப்பிட்டவர்கள் இருவர். பரப்பை ImageJ-இல் அளந்து வைத்த 20 இலைப் படங்களில் முதலில் பழகினார்கள். ஆறு வயல்களில் இருவரும் தனித்தனியே தரமிட்டு, லின் ஒத்திசைவுக் கெழு 0.90-க்குக் கீழே போனால் மறுபடியும் பயிற்சி என்று வைத்துக்கொண்டோம்.

பகுப்பாய்வில் வயல்தான் அலகு. ஒரே வயலின் 30 இலைகளை 30 மறுசெய்கைகளாக எண்ணினால் இல்லாத துல்லியம் வந்துவிடும். பரவலுக்கு R-இன் lme4 தொகுப்பில்:

```
glmer(cbind(noyutra, nalamaana) ~ naal + paasanam + hobli +
      (1 | gramam/vayal), family = binomial, data = d)
```

மூன்று வருகைகளின் PDI-ஐக் கொண்டு ஒவ்வொரு வயலுக்கும் நோய் வளர்ச்சிக் கோட்டின் கீழ்ப் பரப்பைச் சரிவக முறையில் கணக்கிட்டு, கிராமத்தைச் சீரற்ற விளைவாக வைத்துப் பாசன முறைகளை ஒப்பிட்டோம்.