கூடப் பிறந்தவர்களும் வீட்டு வேலையும்: இரண்டு நாள் நேரக் கணக்கு

9, 10-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு
2025 ஆகஸ்ட் 11 திங்கள், ஆகஸ்ட் 12 செவ்வாய்

பெற்றோருக்கு

வணக்கம். வரும் திங்களும் செவ்வாயும் சமூக அறிவியல் வகுப்பில் உங்கள் பிள்ளையிடம் சில கேள்விகள் கேட்கப் போகிறேன். முந்தின நாள் வீட்டில் என்னென்ன வேலை செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது, அண்ணனோ தம்பியோ அக்காவோ தங்கச்சியோ எவ்வளவு நேரம் செய்தார்கள், இவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாடம் முடிக்காமல் வரும் பிள்ளைகளில் சிலர் சோம்பேறிகள் இல்லை. விளக்கு வைத்த பிறகு அவர்களுக்குக் கையில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. அது தெரிந்தால் வீட்டுப் பாடத்தின் அளவையும் மாலை சிறப்பு வகுப்பின் நேரத்தையும் அதற்குத் தகுந்தபடி வைக்கலாம்.

நாடு முழுவதும் இந்தக் கணக்கை அரசே எடுத்திருக்கிறது. 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அதே வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024-இல் அது 289, 88 என்று வந்தது. ஆறு வயதுப் பிள்ளை முதல் எல்லோரும் சேர்ந்த கணக்கு இது. நான் அறிய விரும்புவது இன்னும் சின்ன விஷயம்: ஒரே கூரையின் கீழ், ஒரே பள்ளிக்குப் போகும் கூடப் பிறந்தவர்களுக்குள் இந்த நேரம் எப்படிப் பிரிகிறது? மேலே சொன்ன எண்களைப் பிள்ளைகளின் தாளில் நான் எழுதவில்லை. முன்கூட்டியே சொன்னால் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். திங்கள், செவ்வாய் முடியும்வரை நீங்களும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. அம்மா வேலைக்குப் போகும் வீடு, அப்பா வெளியூரில் இருக்கும் வீடு, பாட்டி மட்டும் இருக்கும் வீடு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலைமை உண்டு. பேர் எழுதச் சொல்லமாட்டேன். உங்கள் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும். காரணம் கேட்கமாட்டேன்.

உனக்கு

இது பரீட்சை இல்லை. மதிப்பெண் கிடையாது. சரியான பதில், தப்பான பதில் என்றும் கிடையாது. நிறைய வேலை செய்கிறவர் நல்ல பிள்ளை, குறைவாகச் செய்கிறவர் கெட்ட பிள்ளை என்று இந்தத் தாளை வைத்து நான் யாரையும் நினைக்கப் போவதில்லை.

விடையை நான் தரும் வெள்ளைத் தாளில் எழுது. பேர், வரிசை எண், தெருப் பேர் எதுவும் வேண்டாம். எல்லோரும் நீல மையில்தான் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்காதே, உன்னுடையதையும் காட்டாதே. உன் அண்ணனோ தங்கையோ இதே பள்ளியில் படித்தால், அவர் என்ன எழுதினார் என்று நான் உன்னிடம் சொல்லமாட்டேன், நீ எழுதியதை அவரிடமும் சொல்லமாட்டேன். பதில் எழுதப் பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாம். முழுத் தாளையும் வெறுமனே மடித்துப் பெட்டியில் போட்டாலும் சரிதான்.

கூடப் பிறந்தவர் இல்லாத பிள்ளைகள், வீட்டில் சேர்ந்து வளரும் சித்தி மகன், பெரியப்பா மகள் யாராவது இருந்தால் அவரை நினைத்து எழுதலாம். அப்படியும் யாரும் இல்லையென்றால் உன் நேரத்தை மட்டும் எழுது.

முதலில் உன்னைப் பற்றி

1. நீ பையனா, பெண்ணா? இந்த இரண்டிலும் சேராதவர் என்றாலோ சொல்ல விருப்பமில்லை என்றாலோ ஒரு கோடு போடு.

2. உன் வயது என்ன? அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி ஒவ்வொருவரும் எத்தனை பேர், என்ன வயது? கல்யாணமாகிப் போனவர்களையும் விடுதியில் தங்கிப் படிப்பவர்களையும் விட்டுவிடு. இப்போது உன்னோடு ஒரே வீட்டில் தூங்கி எழுபவர்கள் மட்டும்.

3. வீட்டில் இருக்கும் பெரியவர்களில் பகலில் வெளி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? என்ன வேலை என்று எழுத வேண்டாம்.

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அ) வீட்டுக்குள் குழாய் ஆ) தெருக்குழாய் அல்லது அடிபம்பு இ) லாரி ஈ) வேறு. அப்புறம், சமையல் கேஸ் அடுப்பிலா, விறகிலா, இரண்டிலுமா? (வசதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. நாலு தெரு தள்ளிப் போய்க் குடம் தூக்கும் வீட்டுக்கும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது என்பதற்காக.)

நேற்று

5. நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று அதிகாலை 4 மணி வரை நினைத்துப் பார். எழுந்தது முதல் வரிசையாகப் போனால் மறக்காது. எந்த நேரத்தில் என்ன வீட்டு வேலை செய்தாய், எத்தனை நிமிடம் ஆனது என்று ஒவ்வொரு வரியாக எழுது. கடிகாரம் பார்த்திருக்கமாட்டாய், தெரியும். ஐந்து பத்து நிமிடம் முன்னேபின்னே இருந்தால் பரவாயில்லை.

திங்களன்று எழுதுவது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, செவ்வாயன்று எழுதுவது பள்ளி நாள் கணக்கு. அந்த நாள் வழக்கமான நாளாக இல்லாவிட்டால், காய்ச்சல், கோவில் கொடை, ஊருக்குப் போனது, மாதவிடாய், எதுவானாலும், தாளின் மூலையில் ஒரு நட்சத்திரம் போடு. காரணம் எழுத வேண்டாம்.

எதெல்லாம் வேலை என்று சந்தேகம் வரும். வாசல் தெளித்துக் கோலம் போட்டது, வீடு கூட்டியது, படுக்கை சுருட்டியது, தண்ணீர் பிடித்தது, காய் நறுக்கியது, சோறு வடித்தது, மாவாட்டியது, எல்லோருக்கும் பரிமாறியது, பாத்திரம் விளக்கியது, துணி துவைத்து, காயப்போட்டு, எடுத்து மடித்தது, டிபன் பாக்ஸ் கட்டியது எல்லாம் வேலை. கடைக்கு ஓடியது, ரேஷன் கடை வரிசையில் நின்றது, கேஸ் சிலிண்டர் தூக்கிவந்து மாட்டியது, மாவு மில்லுக்குப் போனது, ஆட்டுக்குக் குழை ஒடித்தது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது, சாணி அள்ளியது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது, இவையும் வேலைதான். சின்னத் தம்பியைக் குளிப்பாட்டியது, தங்கச்சிக்குத் தலை பின்னியது, தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, பாட்டியைக் கைபிடித்து நடக்கவைத்தது, இதையெல்லாம் பலர் எழுத மறந்துவிடுவார்கள். மறக்காதே. உன் சொந்தத் தட்டைக் கழுவியதும் உன் சீருடையை மட்டும் துவைத்ததும் தனி: அவற்றின் பக்கத்தில் “எனக்கு” என்று குறி.

இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டையும் ஒரே வரியில் எழுது. உலை கொதிக்கும்போது கணக்குப் போட்டிருப்பாய். அடுப்பைப் பார்த்துக்கொண்டே படிப்பதும் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிய வேண்டும்.

யாராவது சொல்லிச் செய்தால் “சொ” என்றும், யாரும் சொல்லாமலே நீயாகச் செய்தால் “நா” என்றும் ஒவ்வொரு வரி முடிவிலும் போடு. மாதிரிக்கு நானே கற்பனையாக எழுதியது இது. அண்ணனா தங்கையா என்று தெரியாதபடிதான் எழுதியிருக்கிறேன்:

காலை 5.50, தெருக்குழாயில் 6 குடம், 30 நிமிடம், நா.
காலை 7.10, தம்பிக்குச் சட்டை போட்டுவிட்டு டிபன் பாக்ஸ் கட்டியது, 15 நிமிடம், நா.
மாலை 5.15, கடையில் எண்ணெய், தீப்பெட்டி, 10 நிமிடம், சொ.
இரவு 7.30, சோறு வடித்தது, கூடவே அறிவியல் படித்தது, 40 நிமிடம், சொ.

6. நேற்று மாலை, வேறு எந்த வேலையும் கையில் இல்லாமல், படிக்கவோ விளையாடவோ சும்மா இருக்கவோ உனக்கு முதலில் நேரம் கிடைத்தது எத்தனை மணிக்கு? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கட்டாயம் யோசித்து எழுது. வீட்டுப் பாடத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்.

கூடப் பிறந்தவரைப் பற்றி

வயதில் உனக்கு மிக அருகில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள். அவர் அண்ணனா, தம்பியா, அக்காவா, தங்கச்சியா என்று மட்டும் எழுது.

7. நேற்று அவர் என்ன வேலைகள் செய்தார்? உனக்குத் தெரிந்தவரை. மொத்தம் சுமார் எத்தனை நிமிடம்? நீ பார்க்காத நேரத்திலும் அவர் ஏதாவது செய்திருக்கலாம். “தெரியாது” என்பதும் நல்ல பதில்தான்.

8. நீ ஒருநாள் வீட்டில் இல்லை என்றால் உன் வேலையை யார் செய்வார்கள்? அவர் இல்லை என்றால் அவர் வேலையை யார் செய்வார்கள்?

9. நீ செய்யவே செய்யாத, அவர் மட்டுமே செய்கிற வேலை எது? அவர் செய்யவே செய்யாத, நீ மட்டுமே செய்கிற வேலை எது? அது எப்படி அப்படி ஆனது? அ) வயது ஆ) பலம் இ) பையன் அல்லது பெண் என்பதால் ஈ) அவருக்குப் படிப்பு அதிகம் உ) பழக்கம், யாரும் முடிவு செய்யவில்லை. ஒன்றுக்கு மேலும் எழுதலாம்.

10. உன் வீட்டில் இந்த வேலைகளை எந்தச் சொல்லால் சொல்வார்கள்? உன்னிடம் “வேலையைப் பார்” என்பார்களா, “அம்மாவுக்கு உதவி பண்ணு” என்பார்களா? உன் கூடப் பிறந்தவரிடம்? ஒரே பாத்திரத்தை விளக்குவது ஒருவருக்கு வேலையாகவும் இன்னொருவருக்கு உதவியாகவும் இருக்குமா என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி உண்டு. அதனால்தான் இந்தத் தாளில் மற்ற எந்த இடத்திலும் “உதவி” என்ற சொல்லை நான் எழுதவில்லை.

11. உங்கள் இருவருக்கும் வேலை பிரிந்திருக்கும் விதம் உனக்கு எப்படித் தோன்றுகிறது? அ) எனக்கு அதிகம் ஆ) அவருக்கு அதிகம் இ) சரியாக இருக்கிறது ஈ) இதுவரை யோசித்ததில்லை. பாவம் பார்த்தோ பயந்தோ எழுத வேண்டாம். நேரம் அதிகமாக இருந்தும் “சரியாக இருக்கிறது” என்று உனக்குத் தோன்றினால் அதையே எழுது.

12. விருப்பமிருந்தால் மட்டும்: இந்த விஷயத்தில் வீட்டில் யாரிடமாவது சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருப்பது ஏதாவது உண்டா? தாளின் பின்பக்கத்தில் எழுது. “படிக்காதீர்கள்” என்று மேலே எழுதி உள்ளே மடித்தால் நான் பிரிக்கமாட்டேன்.

எழுதி முடித்த பிறகு

தாளை நான்காக மடித்து நூலக அலமாரியின் மேல் இருக்கும் பூட்டிய பெட்டியில் போடு. செவ்வாய் மாலை நானே திறந்து எண்ணுவேன். கூட்டுச் சராசரியும் இடைநிலை அளவும் கண்டுபிடித்து, ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை கரும்பலகையில் எழுதுகிறேன். இந்த இரண்டும் கணக்குப் பாடத்தில் படித்தவைதான். ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டமாட்டேன். “மூன்று தம்பிகள் இருக்கும் பெண்” என்று எழுதினால் அது யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். எண்ணி முடித்ததும் தாள்களைக் கிழித்து எரித்துவிடுவேன்.

இந்தக் கேள்விகள் உன்னை வருத்தினாலோ, வீட்டு வேலையால் பள்ளிக்கு வர முடியாமல் போகிறது, அடி விழுகிறது என்ற நிலை இருந்தாலோ, மதிய இடைவேளையில் என்னிடம் வா. நூலகத்தில் இருப்பேன். உன்னைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்லமாட்டேன். உனக்கு ஆபத்து இருந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்லியாக வேண்டும், அதையும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். என்னிடம் பேசத் தயக்கமாக இருந்தால் குழந்தைகளுக்கென்றே 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை செய்த வேலை திங்களுக்குள் மறந்துபோகும் என்று தோன்றினால், அன்று இரவே ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக் கொண்டுவா. நீல மைப் பேனாவை மறக்காதே. இல்லாதவர்களுக்கு என்னிடம் பத்துப் பேனா இருக்கிறது.

உன் சமூக அறிவியல் ஆசிரியை