பொருள்: தண்ணீரில் விழுந்த ஏ32: ஃபோன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் வாட்ஸ்அப் மெசேஜ்கள் வேண்டும்

வணக்கம் அண்ணா,

நேற்று இரவு ஃபோனில் பேசிய செல்வம் நான்தான். வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறேன் என்று சொன்னேனே. "நடந்ததை எல்லாம் எழுதி மெயிலில் போடுங்க, போர்டைத் தொடறதுக்கு முன்னாடி படிச்சுக்கிறேன்" என்றீர்கள். அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுவதும் படித்துவிடுங்கள்.

சாம்சங் கேலக்ஸி ஏ32, 4ஜி மாடல், SM-A325F, 128 ஜிபி. மெமரி கார்டு போடவில்லை, எல்லாம் ஃபோனுக்குள்ளேயேதான் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். வரும் திங்கட்கிழமை காலை அவரே உங்கள் கடையில் நேரில் கொடுப்பார். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தனுப்புகிறேன். நனைந்து கெட்டுப்போன பேட்டரியை விமானத்தில் எடுத்துப் போகக் கூடாது. ஆகவே சோதித்துப் பார்க்க உங்களிடம் இருக்கும் பேட்டரியைத்தான் போட வேண்டியிருக்கும்.

நடந்தது இதுதான். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அடித்தளக் குழியில் ஊற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் இருந்து ஃபோன் விழுந்தது. தேடி எடுக்க இருபது நிமிடம் ஆகிவிட்டது. சுத்தமான தண்ணீர் இல்லை அண்ணா, உவர் தண்ணீர், சிமெண்டும் சேறும் கலந்தது. எடுத்தபோது டிஸ்ப்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. துடைத்துவிட்டு அப்படியே பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து இரண்டு பேருக்கு மெசேஜ்கூட அனுப்பினேன். அதுவரை வேலை செய்ததால் தப்பித்துவிட்டது என்று நினைத்து, இரவு சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். காலை 4.30 அலாரம் அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் சார்ஜிங் போர்ட் பக்கம் சுட்டது, டிஸ்ப்ளே இருட்டு. பவர் பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு முறை அதிர்ந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

அறையில் இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அரிசி உள்ளே இருக்கும் உப்பை எடுக்காது, அந்த நேரத்தில் போர்டு அரித்துக்கொண்டேதான் இருக்கும் என்று. மூன்றாம் நாள் இங்கே ஒரு கடைக்குப் போனேன். திறந்து பார்த்துப் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டார்கள். சார்ஜிங் ஸ்ட்ரிப் சேரும் இடத்திலும், கவசத் தகட்டின் ஓரத்திலும் பச்சை பூத்திருந்ததை எனக்கும் காட்டினார்கள். மேலோட்டமாக பிரஷ்ஷால் துடைத்தார்கள். தகடுகளைக் கழற்றவில்லை, சூடும் காட்டவில்லை. போர்டு ஷார்ட், புது போர்டு மாற்றினால் ஃபோன் ஓடும் என்றார்கள். அப்போது என் மெசேஜ்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன். எல்லாம் போய்விடும், புதிதாக ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஃபோன் ஓட வேண்டியதில்லை அண்ணா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் உயிரோடு இருந்து, உள்ளே இருப்பதை எடுக்க விட்டால் போதும். அதன் பிறகு அது ஒரேயடியாகப் போனாலும் எனக்கு வருத்தம் இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் ஐந்து பேருக்கும் பதினான்கு மாத ஓவர்டைம் கணக்கு அந்த ஃபோனில்தான் இருக்கிறது. கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் தினமும் எட்டு மணி நேரம் என்று மட்டும்தான் எழுதுவார்கள். ஆனால் இன்று யார் யார் இருக்க வேண்டும், எத்தனை மணி வரை என்று சூப்பர்வைசர் ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பாதி நாள் எழுத்தில், பாதி நாள் வாய்ஸ் மெசேஜில். வேலை முடிந்ததும் நேரத்தைப் போட்டு நான் பதில் அனுப்புவேன். கடைசி ஆறு மாத ஓவர்டைம் சம்பளம் எங்களுக்கு வரவில்லை. இங்குள்ள தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் 18-ஆம் தேதி விசாரணை. "ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். அந்தப் பேச்சு இருப்பது இரண்டே ஃபோனில், ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது. மற்ற நாலு பேரும் என்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள். இந்தப் பன்னிரண்டு நாளும் அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டீர்கள். நண்பரின் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். கடைசி பேக்கப் பதினொரு மாதத்துக்கு முன்னால் எடுத்தது. வைஃபை இருந்தால் மட்டும் எடுக்கும்படி வைத்திருந்தேன், தங்குமிடம் மாறிய பிறகு வைஃபை இல்லை. சம்பளம் வராத ஆறு மாதமும் அதில் இல்லை. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பும் நான் இணைத்து வைத்ததில்லை.

என் சிம் கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை வேறு எந்த ஃபோனிலும் வாட்ஸ்அப்பில் நான் பதியவில்லை. பதிந்தால் பழைய ஃபோனில் உள்ள கணக்கு வெளியேறிவிடும் என்று பயந்து, இப்போது வேறு எண்ணில் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஃபோன் உயிர் பெற்றால் வாட்ஸ்அப் அப்படியே திறக்கும் என்று நம்புகிறேன். நீங்களும் உங்கள் சிம் எதையும் போட வேண்டாம், கடை வைஃபையிலும் சேர்க்க வேண்டாம். திறந்த உடனே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

உங்கள் தொழிலில் நான் மூக்கை நுழைப்பதாக நினைக்காதீர்கள். ஒரு முறை ஏமாந்தேன், அதனால் சொல்கிறேன். போர்டை மாற்ற வேண்டாம். சாப்ட்வேர் போட வேண்டாம், ரீசெட் செய்யவே வேண்டாம். மெமரி ஐசியை மட்டும் எடுத்து வேறு போர்டில் வைத்தாலும் பயன் இல்லை, தகவல் எல்லாம் பூட்டியே இருக்கிறது, சாவி அந்த பிராசசரோடு சேர்ந்தது என்று படித்தேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பிராசசரும் மெமரியும் ஜோடியாகப் போக வேண்டும். அந்த முடிவுக்கு முன்னால் தயவுசெய்து என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். தகடுகளை எடுத்துவிட்டு அல்ட்ராசோனிக்கில் கழுவி, ஷார்ட் எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை என்று நீங்களே நேற்று சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஃபோன் எழுந்தால் கைரேகை உதவாது, முதல் தடவை பின் நம்பர் கேட்கும். ஆறு இலக்கம். அதை மெயிலில் எழுதவில்லை, ஃபோனைக் கொண்டுவருபவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கட்டம் வரும்போது என்னைக் கூப்பிடுங்கள், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து யாரும் ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். டிஸ்ப்ளேவில் படம் வந்தாலும் தொட்டால் வேலை செய்யாமல் போகலாம். அப்படி என்றால் வேறு டிஸ்ப்ளே மாட்டியோ, ஓடிஜியில் மவுஸ் போட்டோ பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

திறந்ததும், எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாததால், வேறு எதையும் பார்க்காமல் முதலில் இந்த ஃபோல்டரை முழுவதும் கேபிள் வழியாக காப்பி எடுத்துவிடுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

இதற்குள் Databases என்ற ஃபோல்டரில் msgstore.db என்று தொடங்கி crypt என்று முடியும் கோப்புகள் இருக்கும். எழுத்து மெசேஜ் எல்லாம் அதில்தான். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாகவே ஒரு நகல் எடுத்து அங்கே வைக்கும். அந்த இரவு 2 மணிக்கு ஃபோன் உயிரோடு இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இல்லாவிட்டாலும் அதற்கு முந்தைய நாள் நகல் இருக்கும், அதுவே எனக்குப் போதும். அந்தக் கோப்பு உங்களிடம் திறக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அதே எண்ணின் சிம் என்னிடம் இருப்பதால், புது ஃபோனில் கோப்பை வைத்துவிட்டு வாட்ஸ்அப்பைப் பதிந்து மீட்டுக்கொள்வேன். வாய்ஸ் மெசேஜ்கள் Media ஃபோல்டரில், WhatsApp Voice Notes என்பதற்குள் இருக்கும். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும், அதனால் பெயர் எதையும் மாற்றிவிடாதீர்கள்.

காப்பி முடிந்த பிறகும் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தால் வாட்ஸ்அப்பைத் திறந்து, "Supervisor" என்று சேமித்திருக்கும் பேச்சை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து தர முடியுமா என்று பாருங்கள். கூடவே அவருடைய எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி சில ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். நேரம் இருந்தால் செய்தால் போதும். காப்பிதான் முக்கியம்.

இன்னொரு விஷயம். அந்த வாய்ஸ் மெசேஜ் ஃபோல்டரிலேயே என் மகள் அனுப்பியதும் இருக்கிறது. பேசப் பழகிய நாளில் இருந்து தினமும் ராத்திரி எனக்கு ஒன்று அனுப்புவாள். முதலில் வெறும் "அப்பா" மட்டும், இப்போது முழுக் கதையே சொல்கிறாள். அவள் வளர்ந்ததை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நேற்று ஃபோனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. விசாரணைக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்காமல் முழு ஃபோல்டரையும் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

மனைவியோடு பேசியது, குடும்பப் படங்கள் எல்லாமும் அதில் இருக்கின்றன. நான் சொன்ன பேச்சைத் தவிர வேறு எதையும் திறந்து பார்க்காமல் இருந்தால் பெரிய உதவி. கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு, திங்கட்கிழமை வருபவரிடமே கொடுங்கள், அவர் மூன்று வாரம் கழித்துத் திரும்புகிறார். எனக்கு அது கிடைத்து, திறக்கிறது என்று நான் சொன்ன பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள நகலை அழித்துவிடுங்கள். அதுவரை இருக்கட்டும். பழைய ஃபோனையும் எந்த நிலையில் இருந்தாலும் அவரிடமே திருப்பித் தாருங்கள். மெசேஜை அந்த ஃபோனிலேயே காட்டு என்று அதிகாரி கேட்டாலும் கேட்கலாம்.

பணத்தைப் பற்றி: கழுவி, ஷார்ட் பார்த்துச் சொல்வதற்கு ஆகும் கூலியை, மெசேஜ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தருகிறேன். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் எவ்வளவு ஆகும், எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள், ஐந்து பேரும் பகிர்ந்துகொள்கிறோம். நம்பிக்கை இல்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 18-ஆம் தேதிக்கு முன் வேறு சாட்சிக்கு நாங்கள் அலைய வேண்டியிருக்கும்.

பகலில் வேலையிடத்தில் ஃபோன் எடுக்க முடியாது. பின் கேட்கும் கட்டம் வந்தால் மட்டும் நேற்று பேசிய எண்ணுக்கு மூன்று மிஸ்டு கால் கொடுங்கள், எங்கே இருந்தாலும் ஒதுங்கி வந்து ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன். மற்றதற்கு மெயிலே போதும், ராத்திரி பார்த்துவிடுவேன்.

நன்றி அண்ணா.

செல்வம்