ஏதென்ஸ்: சீட்டில் யார் பெயர் இருந்தது?

அன்புள்ள யாழினி,

பட்டிமன்றத்தில் “ஏதென்ஸில் நடந்தது மக்களாட்சியே” என்ற அணி உனக்கு வந்திருக்கிறது. ஆனால் எதிரணி பெண்களையும் அடிமைகளையும் எடுத்துப் பேசினால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். மறுக்காதே, அது உண்மை. முதலில் அந்த ஆட்சி எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்பவர் ஏதென்ஸ் குடிமக்களைப் புதிதாகப் பத்துப் பிரிவுகளாக வகுத்தார். ஒவ்வொன்றிலும் கடலோரத்தார், உள்நாட்டார், நகரத்தார் மூவரும் கலந்திருந்தார்கள். பழைய பெரிய குடும்பங்களின் பிடி தளர்ந்ததற்கு அது ஒரு காரணம். பிரிவுக்கு 50 பேராக 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றம், பேரவையில் எதை விவாதிப்பது என்று முடிவு செய்யும். பேரவை கூடியது பினிக்ஸ் குன்றில். எந்தக் குடிமகனும் வரலாம், பேசலாம், கையைத் தூக்கி வாக்களிக்கலாம். போர், வரி, உடன்படிக்கை எல்லாம் அங்கேதான் முடிவாகும். தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற நம் வழக்கம் அவர்களுக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும்.

தேர்தலை அவர்கள் அவ்வளவாக நம்பவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஓட்டுக்கு நின்றால் பணமும் பெயரும் உள்ளவன்தானே ஜெயிப்பான்? அதனால் படைத்தலைவர் மாதிரி திறமை கட்டாயம் வேண்டிய சில பதவிகளுக்கு மட்டும் தேர்தல். மற்றவை பெரும்பாலும் சீட்டுக் குலுக்கல். நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல ஆள் எடுக்க கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஒரு கருவியே இருந்தது. வரிசை வரிசையாகப் பிளவுகள் வெட்டிய ஒரு பலகை. வந்தவர்கள் பெயர் பொறித்த தங்கள் தகடுகளை அதில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய், அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். ஒரே வழக்குக்குச் சில நூறு பேர் இப்படி உட்காருவார்கள். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது! ஏழை கூலியை விட்டுவிட்டு வர முடியுமா? அதற்காக நாள்படியும் கொடுத்தார்கள்.

சரி, அந்தத் தகடு யார் கையில் இருந்தது? வயது வந்த ஆண் குடிமக்கள் கையில் மட்டும். எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை; 30,000 முதல் 60,000 வரை சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அங்கே வாழ்ந்தவர்களில் அது சிறுபான்மைதான்.

பெண்களுக்குக் கோவில்களில் பூசாரிப் பதவி உண்டு, பேரவையில் இடமில்லை. வழக்கென்றால் ஆண் உறவினர்தான் பேச வேண்டும். அடிமைகள் லௌரியோன் வெள்ளிச் சுரங்கத்தில் பூமிக்கடியில் கிடந்தார்கள். அந்த வெள்ளிதான் நகரத்தின் கப்பல் படைக்குப் பணம். நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் செல்ல வேண்டுமென்றால் அவனை வதைத்துத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. அப்புறம் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள். தனி வரி கட்டினார்கள், படையில் போரிட்டார்கள், ஆனால் எத்தனை தலைமுறை இருந்தாலும் குடியுரிமை சுலபத்தில் கிடைக்காது. அரிஸ்டாட்டில்கூட அங்கே வெளியூர்க்காரர்தான்.

இதில் ஏதென்ஸ் மட்டும் மோசம் என்று எதிரணி சொன்னால், அங்கே நீ எழுந்திருக்கலாம். அடிமைகளும் அரசியலில் இடமில்லாத பெண்களும் அன்றைய கிரேக்க நகரங்கள் எல்லாவற்றிலும் இருந்தார்கள். சொத்தில்லாத துடுப்புக்காரனையும் சபையில் உட்கார வைத்ததுதான் ஏதென்ஸின் புதுமை. ஆனால் உள்ளே இருந்தவர்களின் உரிமை பெருகப் பெருக வேலியும் உயர்ந்தது என்பதை நீ மறைக்கக் கூடாது. கி.மு. 451-இல், தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று சட்டம் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் பெரிக்ளீஸ். பிறகு அவரே மிலெட்டஸ் ஊரிலிருந்து வந்த அஸ்பாசியாவோடு வாழ்ந்தார். அவர்களுக்குப் பிறந்த மகன் அந்தச் சட்டப்படி குடிமகன் இல்லை. மூத்த மனைவியின் இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் இறந்த பின், இவனுக்கு விலக்குக் கொடுங்கள் என்று மக்களிடமே கேட்டார், கொடுத்தார்கள். அந்த மகன் வளர்ந்து படைத்தலைவனானான். கி.மு. 406-இல் ஒரு கடற்போரில் வென்றும், புயலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றவில்லை என்று அவனையும் உடனிருந்த தலைவர்கள் ஐவரையும் அதே பேரவை ஒரே வாக்கெடுப்பில் கொன்றது. பின்னர் அதற்காக வருந்தவும் செய்தது.

அன்புடன்,
சித்தப்பா